பிடிஎஃப் சரியாக இருந்தும் புத்தகம் கட்டம் கட்டமாக வந்தால், அச்சகத்தில் எதைக் கேட்க வேண்டும்

தமிழ்ப் புத்தகத்தை பிடிஎஃப்பாக அச்சகத்துக்கு அனுப்பப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

என் கவிதைத் தொகுப்பு அச்சாகி வந்தது. அட்டை பிரமாதம். உள்ளே 'வேலை' என்று இருக்க வேண்டிய இடத்தில் "ேவைல" என்று நின்றது. முதலில் புள்ளி வட்டத்தில் தொங்கும் இரட்டைக்கொம்பு, அடுத்து 'வைல'. 'போக' என்பது "ேபாக" ஆகியிருந்தது. க, ம எல்லாம் ஒழுங்காக இருக்க, கு, மு, டி வந்த இடங்களில் வெறும் கட்டம். தலைப்புகளில் முழுக்கவே கட்டம்தான்.

அச்சகத்தில் கேட்டதற்கு, "உங்க ஃபாண்ட் எங்க சிஸ்டத்துல இல்ல சார், ஃபைல் உங்களோடதுதானே" என்றார்கள். ப்ரூஃபை நான் ஓகே செய்ததையும் நினைவூட்டினார்கள். பலர் இந்த இடத்தில் அடங்கிப் போய்விடுவார்கள். ஆனால் அந்தப் பதிலிலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது.

பிடிஎஃப்பில் ஃபாண்ட் உட்பொதிக்கப்பட்டிருந்தால், எழுத்து வடிவமும் அது பக்கத்தில் நிற்கும் இடமும் கோப்புக்குள்ளேயே இருக்கும். அச்சடிக்கிற கணினியில் அந்த ஃபாண்ட் தேவையே இல்லை. என் கோப்பில் அது இருந்தது. அக்ரோபாட் ரீடரில் Ctrl+D அழுத்தி Fonts பகுதியைப் பார்த்தால், ஒவ்வொரு ஃபாண்ட் பெயருக்கும் பக்கத்தில் Embedded Subset என்று இருந்தது. கட்டளை வரி பழகியவர்களுக்கு:

```
pdffonts nool.pdf
```

இதில் emb என்ற பத்தியில் எல்லா வரியிலும் yes வர வேண்டும். ஒரு no இருந்தாலும், அச்சகக் கணினியில் அந்த ஃபாண்ட் இல்லையென்றால், பதிலாக வேறொன்று உட்கார்ந்துகொள்ளும். அதில் தமிழ் எழுத்து இல்லையென்றால் கட்டம்தான்.

அப்படியானால் என் புத்தகம் எப்படிக் கெட்டது? அந்தப் புள்ளி வட்டம்தான் தடயம். 'வேலை'யை யூனிகோடில் வ, ஏகாரக் குறி, ல, ஐகாரக் குறி என்ற வரிசையில் சேமிக்கிறோம். கொம்பை முன்னால் நகர்த்துவது மென்பொருளின் வேலை. பிடிஎஃப் ஆனபின் அதில் இருப்பது கண்ணுக்குத் தெரியும் வரிசை: முதலில் கொம்பு, பிறகு வ. யாராவது அந்த பிடிஎஃப்பை டிசைன் மென்பொருளில் எழுத்தாகவே திறந்தால், அது கொம்பு, வ, ஐகாரக் குறி, ல என்று வாசிக்கும். முதல் கொம்புக்குப் பிடித்துக்கொள்ள எழுத்து இல்லாததால் பெரும்பாலும் புள்ளி வட்டம் வரும். ஐகாரக் குறி தவறாக வ-வோடு ஒட்டிக்கொள்ளும். கு, மு போன்றவை ஃபாண்டுக்குள் தனி வடிவங்கள். அவற்றுக்கு யூனிகோடில் ஒற்றை எண் கிடையாது. எந்த வடிவம் எந்த எழுத்துகளுக்கு என்ற அட்டவணை கோப்பில் சரியாக இல்லையென்றால் அவை கட்டமாகும் அல்லது காணாமல் போகும்.

நேராக அச்சடித்த பிடிஎஃப்பில் இப்படி வராது. மூலத்திலேயே பிழை இருந்திருந்தால் என் திரையிலும் தெரிந்திருக்கும். அட்டை தப்பித்ததும் இதனால்தான்: அதன் எழுத்துகளை முன்பே கோட்டுருவமாக மாற்றியிருந்தேன், வாசித்துக் குழப்ப அதில் எழுத்தே இல்லை.

பிளேட்டுக்குப் போன கோப்பைக் கேட்டேன். இழுத்தடித்து, கடைசியில் அனுப்பினார்கள். அதே Ctrl+D-யில் Description பகுதியில், PDF Producer என்ற இடத்தில் நான் பயன்படுத்தாத மென்பொருளின் பெயர். ஃபாண்ட் பட்டியலும் வேறு. பக்க எண்ணை ஓரம் நகர்த்துவதற்காகத் திறந்தோம் என்று அப்புறம்தான் ஒப்புக்கொண்டார்கள். எனக்குக் காட்டிய ப்ரூஃப், திறப்பதற்கு முந்தைய கோப்பிலிருந்து எடுத்தது! மறு அச்சுக்கு மட்டும் சம்மதிக்கவில்லை. அதே பிடிஎஃப்பை ஒரு புள்ளிகூட மாற்றாமல் வேறு இடத்தில் கொடுத்தேன், சுத்தமாக வந்தது.

நீங்கள் அனுப்பும்போது, அச்சுக்கென்றே உள்ள PDF/X வகையில் சேமியுங்கள். அதில் எல்லா ஃபாண்டும் உட்பொதிந்திருப்பது கட்டாயம். அளவு, ஓரம், பக்க எண் எதையும் அவர்கள் கைக்கு விடாமல் நீங்களே முடித்துவிடுங்கள். திறந்துதான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், கோரல்டிராவில் பிடிஎஃப்பை உள்ளே எடுக்கும்போது Text வேண்டாம், Curves தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சின்ன எழுத்துகள் கொஞ்சம் தடித்துத் தெரியலாம், ஆனால் கொம்பு இடம் மாறாது. ப்ரூஃபை மட்டும் பிளேட்டுக்குப் போகிற அதே கோப்பிலிருந்து எடுத்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள், அது வந்ததும் கொம்பும் காலும் சேர்ந்து வரும் ஒரு பக்கத்தை வரி வரியாகப் பாருங்கள்.