வீடு மாறியதைச் சொல்லி மிரட்டி 1,900 டாலரைப் பறித்துவிட்டான்

குடியேற்ற அதிகாரி என்று சொல்லிக்கொண்டு போனில் வந்த ஒருவன் என்னை ஏமாற்றிவிட்டான், முந்தாநாள் மதியம் நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 1,900 டாலர், ஊருக்குப் போகும் டிக்கெட்டுக்காக எடுத்து வைத்திருந்த பணம்.

டல்லாஸ் பக்கம் எச்-1பி விசாவில் இருக்கிறேன். மார்ச்சில் வீடு மாறினேன். மாறினால் 10 நாளுக்குள் அமெரிக்கக் குடியேற்ற அலுவலகமான யுஎஸ்சிஐஎஸ்-க்கு AR-11 படிவத்தில் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். தெரியும், நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அந்தக் குற்ற உணர்ச்சிதான் அவனுக்கு வேலையைச் சுலபமாக்கிவிட்டது.

போனில் என் பெயரையும் கம்பெனிப் பெயரையும் சொல்லி, "உங்கள் ஃபைலில் ஒரு தவறு இருக்கிறது" என்றான். அவ்வளவுதான் சொன்னான். "முகவரியா சார்?" என்று கேட்டது நான். உடனே "ஆமாம், அதேதான்" என்று பிடித்துக்கொண்டான். அவனுக்கு எதுவும் தெரியாது, நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன், இது புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது! பெயரும் கம்பெனியும் வேலை தேடும் தளங்களில் யாருக்கும் கிடைக்கும். இங்கே வந்தவர்களில் வீடு மாறாதவர் யார்?

எனக்கும் சந்தேகம் வந்தது, வராமல் இல்லை. கேட்டேன். கோபப்படவே இல்லை, "சந்தேகப்படுவது நல்லதுதான் மேடம், uscis.gov தளத்தில் உள்ள எண்ணையும் உங்கள் போனில் தெரியும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்" என்றான். பார்த்தேன். 1-800-375-5283, இரண்டும் ஒன்றே. அந்த நிமிடத்தில்தான் நான் விழுந்தேன். திரையில் எந்த எண் தெரிய வேண்டும் என்பதைக் கூப்பிடுகிறவனே மாற்றி வைக்க முடியும் என்று அப்போது யார் நினைத்தார்கள்.

அப்புறம் குரல் மாறிவிட்டது. வாரண்ட் தயார், மாலைக்குள் போலீஸ் வரும், அபராதம் 1,900 டாலர், கட்டினால் வாரண்ட் ரத்து. லைனைத் துண்டித்தால் தப்பியோட முயன்றதாகப் பதிவாகுமாம், யாரிடமும் சொல்லவும் கூடாதாம். நடுவில் அம்மா கூப்பிட்டார்கள், நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பணம் தப்பியிருக்கும்.

பக்கத்து சூப்பர்மார்க்கெட்டில் கிப்ட் கார்டு, மூன்று 500, ஒன்று 400. கேஷியர் பெண் "யாராவது போனில் சொல்லிப் பணம் கட்டுகிறீர்களா?" என்று கேட்டாள். அவன் சொல்லிக்கொடுத்தபடி "பிறந்தநாள் பரிசு" என்றேன். காரில் உட்கார்ந்து பின்பக்கத்தைச் சுரண்டி எண்களைப் படித்துக் காட்டினேன். முழு 1,900 டாலர். "இன்னும் ஒரு பிராசஸிங் ஃபீஸ்" என்றபோதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு அலைந்தது தனிக்கதை. கடையில், ஆக்டிவேட் ஆன கார்டைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். கார்டு கம்பெனியில் 40 நிமிடம் இசை கேட்க வைத்துவிட்டு, பேலன்ஸ் செலவாகிவிட்டது என்றார்கள். பேங்கில், நீங்களேதானே பின் போட்டீர்கள் என்றார்கள். போலீஸில் ஒரு புகார் எண் தந்தார்கள், அதோடு சரி. ஒருவருமே, ஒருவருமே, 'அடடா' என்றுகூடச் சொல்லவில்லை.

எப்படிச் சரிபார்ப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள், போனை வைத்துவிட்டு தளத்தில் உள்ள எண்ணை நீங்களே டைப் செய்து கூப்பிடுங்கள். வைக்க விடமாட்டேன் என்கிறானா, அவன் அதிகாரி இல்லை. யுஎஸ்சிஐஎஸ் போனில் பணம் கேட்காது, கிப்ட் கார்டை எந்த அரசு அலுவலகமும் வாங்காது. உங்கள் ஃபைலில் உண்மையிலேயே ஏதாவது இருந்தால் கடிதம் வரும். அல்லது ரசீது எண்ணை (மூன்று எழுத்து, 10 இலக்கம்) uscis.gov தளத்தில் போட்டு நீங்களே நிலையைப் பார்க்கலாம். மாணவர்கள் முதலில் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களின் விசா விஷயங்களைப் பார்க்கும் டிஎஸ்ஓ-விடம் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் கார்டையும் ரசீதையும் தூக்கிப் போடாமல் அந்த நிமிடமே கார்டு கம்பெனியைக் கூப்பிடுங்கள், நான் ஒரு மணி நேரம் அழுதுவிட்டுக் கூப்பிட்டேன். reportfraud.ftc.gov-இலும் புகார் போடுங்கள்.

நேற்று இரவு AR-11 போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கட்டணம் எதுவும் கிடையாது.