லீசிங் பிடிஎப்புக்குத் தமிழ்ச் சுருக்கம் வாங்குகிறவர்கள் கவனம்

ஹட்டன் டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் இங்கிலீஷ் பிடிஎப்பைத் தமிழில் ஒரு பக்கமாகச் சுருக்கித் தருகிறார்கள். 1500 ரூபாய். "எல்லாம் செக் பண்ணித்தான் தாறம்" என்று சொல்லித்தான் காசை வாங்கினார்கள். தந்ததோ ஏஐ-யில் போட்டு வந்ததன் பிரிண்ட், அவ்வளவுதான். மச்சான் ஆட்டோ ஒன்றுக்கு லீசிங் போட இருந்தார். கையெழுத்து வைப்பதற்கு முதல் நாள் இரவு ஒப்பந்தத்தையும் சுருக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

"இடையில் மொத்தமாகக் கட்டி முடித்தால் 2% கட்டணம்" என்றது சுருக்கம். பிடிஎப்பில் 2% என்று தேடினேன், இருந்தது. ஆனால் அது கடைசி அட்டவணையில், தவணை பிந்தினால் மாதாமாதம் ஏறுகிற வட்டி. இடையில் முடிப்பதற்கு அதற்கு மேல் வரிசையில் 5% போட்டிருந்தது. பிடிஎப்பிலிருந்து எழுத்தை மட்டும் உருவும்போது அட்டவணையின் கட்டங்கள் கலைந்துவிடலாம். ஒரு வரிசையின் எண் அடுத்த வரிசையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளலாம். 6 லட்சம் மீதி இருக்கும்போது முடித்தால் 12,000 இல்லை, 30,000. அதனால் எண் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், அது எதற்கான எண் என்று இடப்பக்கம் போய் வாசியுங்கள்.

அப்புறம் "7 நாள் சலுகைக் காலம்" என்று ஒரு வரி. இலக்கத்தில் 7, எழுத்தில் seven, grace எல்லாம் தேடினேன். ஒப்பந்தத்தில் அப்படி ஒன்றே இல்லை. மற்றக் கம்பனிகளின் ஒப்பந்தங்களில் வருகிறது என்று ஏஐ இதிலும் எழுதிவிட்டது போல.

பெரிய ஆபத்து மூன்றாவது. "ஒரு தவணை தவறினால் வண்டியை எடுக்க மாட்டார்கள்" என்று சுருக்கம் நிறுத்திவிட்டது. ஒப்பந்தத்தில் அந்த வாக்கியம் நிற்கவில்லை. Provided that என்று தொடர்ந்து, இன்சூரன்ஸ் காலாவதி ஆகாமல் இருந்தால் மட்டும் என்கிறது. இன்சூரன்ஸ் முடிந்த வாரத்தில் தவணையும் தவறினால் வண்டி போய்விடும். விட்டுப்போன நிபந்தனையைச் சுருக்கத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஒப்பந்தத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். provided that, subject to, unless, except ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாகத் தேடி, வருகிற வாக்கியத்தை முழுதாக வாசித்து, அது சுருக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்கேன் பண்ணிய பக்கம் என்றால் இந்தத் தேடல் உதவாது. எங்களுடையதிலும் இரண்டு பக்கம் வெறும் படம். கண்ணுக்குத் தெரிகிற ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். அதுவே வரவில்லை என்றால் அந்தப் பக்கத்தைக் கண்ணால்தான் வாசிக்க வேண்டும்.

கடைக்காரரிடம் மூன்றையும் காட்டினோம். "கம்ப்யூட்டர் தந்ததத்தானே தந்தோம் அண்ணே" என்றார். அப்போ அந்தச் செக் பண்ணுகிறது எதைத்தான்? காசு திரும்பவில்லை. அங்கே போகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன்னால், ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பிடிஎப்பின் பக்க எண்ணையும் போட்டுத் தரச் சொல்லுங்கள்.