ஒரே வேலை, மூன்று மெயில்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மாதம் 14ஆம் தேதி GST போர்ட்டலில், சப்ளையர்கள் தங்கள் ரிட்டர்னில் காட்டிய பில்களின் பட்டியலான GSTR-2B வரும். வாங்கிய பில்களை அதோடு ஒத்துப் பார்த்து, 20ஆம் தேதிக்குள் எங்கள் மாத வரி ரிட்டர்னான GSTR-3B-ஐத் தாக்கல் செய்ய வேண்டும். இந்த ஒத்துப் பார்க்கும் வேலையை ஜூனியரிடம் மூன்று விதமாக ஒப்படைத்திருக்கிறேன்.

முதல் விதம் ஒற்றை வரி: "2B பார்த்து முடிச்சிடுங்க." ஒரு மாதம் சாயப்பட்டறை பில் ஒன்று 2B-யில் இல்லை. ஜூனியர் பட்டறைக்கே போன் போட்டு, "ரிட்டர்ன் போடும்வரை பேமெண்ட் நிறுத்திவிடுவோம்" என்று சொல்லிவிட்டார். பல வருடப் பழக்கம் உள்ள பட்டறை. அவர்கள் நேராக எங்கள் முதலாளியிடம் பேசிவிட்டார்கள். இதில் ஜூனியர் மேல் தப்பில்லை. எதுவரை பேசலாம் என்று நான் எழுதவே இல்லையே.

அந்தப் பயத்தில் இரண்டாவது விதத்துக்குப் போனேன். ஒவ்வொரு படியும் எழுதி, கடைசியில் "எதற்கும் என்னைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்" என்று முடித்தேன். பில் நம்பர் ஒரு பக்கம் 045, இன்னொரு பக்கம் 45 என்று இருந்தால்கூட போன் வந்தது. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மாதம் இது சரி, அதற்கு மேல் வேண்டாம்.

இப்போது அனுப்புவது இது:

"இந்த மாத பர்ச்சேஸ் பில்களை 2B-யோடு ஒத்துப் பார்த்து, இல்லாதவற்றைப் பட்டியலிடுங்கள். டேலியில் எதையும் திருத்த வேண்டாம். வரியில் 10 ரூபாய் வரை வித்தியாசம், பில் நம்பர் எழுதிய விதம் இவற்றை நீங்களே சரி என்று குறிக்கலாம். சப்ளையருக்குப் போன் செய்து ரிட்டர்ன் எப்போது போடுவார் என்று கேட்கலாம். பேமெண்ட் பற்றி மட்டும் பேச வேண்டாம். 16 மாலை பாதிப் பட்டியல், 18 மாலை 4 மணிக்கு முழுதும் வேண்டும். சந்தேகங்களைச் சேர்த்து இதே மெயிலில் எழுதுங்கள், தினமும் 5 மணிக்குப் பதில் தருகிறேன். வேலையே நின்றுபோனால் உடனே போன் செய்யுங்கள்."

கெடு 20 இல்லாமல் 18 என்று வைத்ததற்குக் காரணம், 19 எனக்கு வேண்டும். பட்டியலைச் சரிபார்த்து வரித் தொகையை முடிவு செய்வது என் வேலை. பாதிப் பட்டியல் கேட்பது அவசரத்துக்காக இல்லை. வேலையைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அது 16ஆம் தேதியே தெரிந்துவிடும், திருத்த இரண்டு நாள் இருக்கும்.

இந்த மெயிலை முதல்முறை எழுத அரை மணி நேரம் பிடித்தது. அடுத்த மாதத்திலிருந்து பெரும்பாலும் தேதிகளை மாற்றினால் போதும். போன மாதம் 5 மணிக் கேள்விகளில் ஒன்று: "இந்தச் சப்ளையர் காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவர். அவர் பில்லையும் விடுபட்டதில் சேர்க்கவா?" இடைப்பட்ட மாதங்களில் அவராகப் பதிவேற்றாவிட்டால், காலாண்டு முடிந்த பிறகுதான் அந்தப் பில் 2B-யில் வரும். தனியாகக் குறித்து வைக்கச் சொன்னேன். இந்த மாத மெயிலில் அதற்கும் ஒரு வரி சேர்ந்திருக்கிறது.