மஸ்கட்டில் இருக்கும் அண்ணனை மண்டப மேடையில் நிறுத்த மூன்று வழிகள்

கல்யாண ஆல்பத்தைத் தயார் செய்து கொடுக்கும் எங்களிடம் அடிக்கடி வரும் வேலை இது. மணமகளின் அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார், விடுப்புக் கிடைக்கவில்லை. குடும்பப் படத்தில் அவரும் வேண்டும் என்கிறார் அம்மா. இதற்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றிலும் வெட்டி ஒட்டும் வேலை ஒன்றுதான். வெட்டுவதற்கு முன் கையில் என்ன இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

முதல் வழி, வீட்டில் இருக்கும் பழைய படம். எல்லோரும் முதலில் நீட்டுவது இதைத்தான். படம் சிறியது என்ற கவலை பெரும்பாலும் தேவையற்றது. 35க்கு 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படத்தை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 413க்கு 531 பிக்சல் கிடைக்கும். இருபது பேர் நிற்கும் படத்தில் ஒரு முகத்துக்கு அதுவே தாராளம். சிக்கல் வெளிச்சத்தில் வரும். மேடையில் விளக்கு இடப்பக்கம் மேலிருந்து விழ, பழைய படத்தில் வெயில் வலப்பக்கமிருந்து அடித்திருந்தால், மூக்கின் நிழல் ஒருவருக்கு மட்டும் எதிர்த்திசையில் போகும். படத்தை இடவலமாகத் திருப்பிவிடலாமே என்பார்கள். திருப்பினால் சட்டைப்பை வலப்பக்கம் வந்துவிடும், தலைவகிடும் இடம் மாறும். ஊரார் கவனிக்க மாட்டார்கள், பெற்றவள் கவனிப்பாள். காலமானவர்களுக்கு வேறு வழியில்லை என்பதால் இதை எடுப்பேன். உயிரோடு இருப்பவருக்கு இது கடைசி வழிதான்.

இரண்டாவது, மேடையில் அவர் இடத்தில் அதே உயரமுள்ள ஒருவரை நிறுத்திப் படமெடுத்து, பிறகு முகத்தை மட்டும் மாற்றுவது. பார்ப்பதற்கு மிகச் சுலபம். தோளில் தங்கை வைத்த கை, வேட்டியின் மடிப்பு, காலடி நிழல் எல்லாம் உண்மையானவை. சென்ற ஆண்டு ஒரு வீட்டுக்கு இப்படித்தான் செய்தேன். சித்தி மகன் நின்றார், முகம் மஸ்கட்டிலிருந்து வந்தது. கழுத்தின் நிறத்தை முகத்தோடு சேர்க்கவே அரை நாள் ஆனது. முடித்துக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "முகம் அவன்தான் தம்பி. கை அவனுடையது இல்லையே" என்றார். சித்தி மகனின் விரல்கள் குட்டையானவை, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு வேறு. கயிற்றை அழித்துவிடலாம், விரலை என்ன செய்வது?

மூன்றாவது வழி, அண்ணனையே அவர் இருக்கும் இடத்தில் முழு உருவமாகப் படமெடுக்கச் சொல்வது. உழைப்பு அதிகம், ஆனால் தேறுவது இதுதான். மண்டபப் படம் எடுத்த பிறகு, அதைப் பார்த்துக்கொண்டே எடுப்பது நல்லது. ஜன்னலோ பால்கனியோ மேடை விளக்கு விழும் அதே பக்கத்தில் இருக்கும்படி நிற்க வேண்டும். செல்பி வேண்டவே வேண்டாம். கை நீளத்தில் எடுத்தால் மூக்கு பெருத்துக் காது ஒடுங்கும். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, நெஞ்சு உயரத்தில் போனைப் பிடித்து வேறொருவர் எடுக்கட்டும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறையை அணைத்துவிட வேண்டும், அது முடியின் ஓரத்தைக் கடித்துவிடும். வெள்ளைச் சட்டை போட்டு வெள்ளைச் சுவர் முன் நின்றாலும் ஓரம் தொலைந்துபோகும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்வேன்.

இதிலும் ஒரு குறை உண்டு. யாரும் நிற்காத இடத்தில் கொண்டுவந்து வைத்தால் ஆள் மிதப்பார், பக்கத்தில் நிற்பவர்கள் மீது அவர் நிழல் விழாது. அதனால் அந்த வீட்டு வேலையை மறுபடி செய்தபோது இரண்டாவது வழியையும் சேர்த்துக்கொண்டேன். சித்தி மகன் நின்ற படத்திலிருந்து காலடி நிழலையும் தோளில் இருந்த தங்கையின் விரல்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, ஆளை முழுவதுமாக அண்ணனாக மாற்றினேன். சித்தி மகனை அகற்றிய இடத்தில் பின்னணிப் பூ அலங்காரம் தேவைப்பட்டது. நல்லவேளையாக அவரை விலகச் சொல்லி வெற்று இடத்தையும் ஒரு படம் எடுத்து வைத்திருந்தோம். கேமரா ஸ்டாண்டில் அசையாமல் இருந்ததால் இரண்டும் அப்படியே பொருந்தின. இப்போதெல்லாம் புகைப்படக்காரரிடம் நான் கேட்பது இந்த இரண்டு படங்களைத்தான்: ஆள் நிற்க ஒன்று, இடம் காலியாக ஒன்று. கூடுதலாக ஒரு நிமிடம் ஆகும், அவ்வளவே.

வரிசையின் ஓரத்தில் நிறுத்தினால் ஒட்டும் வேலை பாதியாகக் குறையும். ஆனால் மூத்த மகனைக் கடைசியில் நிறுத்த எந்த வீடும் சம்மதிப்பதில்லை, அதனால் அந்தப் பேச்சை நான் எடுப்பதில்லை.

அச்சுக்கு அனுப்புமுன் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பேன். நிறம் மறைத்திருந்த வெளிச்ச வேறுபாடு அப்போது தெரிந்துவிடும். போன் படம் கேமரா படத்தைவிடக் கூர்மையாகத் தெரிந்தால் லேசாக மங்கவைத்து, மற்றவர்கள் முகத்தில் கேமரா பதித்திருக்கும் அதே பொடிப்புள்ளிகளைச் சேர்ப்பேன். இரண்டாம் முறை அந்த அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். கையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "இளைத்துவிட்டான்" என்றார்.