நீக்கும் பட்டியலா, அனுமதிக்கும் பட்டியலா?

பட்டர்வொர்த்தில் வார இறுதிகளில் இலவச டியூஷன் நடத்தும் தன்னார்வலர் குழுவுக்குத் தரவு வேலையை நான் பார்க்கிறேன். பெற்றோர் கூகுள் படிவத்தில் பிள்ளைகளைப் பதிவு செய்கிறார்கள். தினமும் விடியற்காலை 2 மணிக்கு ஒரு நிரல் ஓடி அந்தப் பதிவுகளை எடுத்து, வட்டாரம், பிள்ளை படிக்கும் படிவம், பாடம் என்ற அட்டவணையாகப் பொதுவில் வெளியிடும். எங்கே ஆள் தேவை என்று ஆசிரியர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். மூலத் தரவிலோ பெயர், ஐசி எண், கைப்பேசி எண் எல்லாம் இருக்கின்றன. இவை வெளியே போகாமலிருக்க மூன்று வழிகளைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறோம்.

முதலில் செய்தது, கூகுள் ஷீட்டில் அந்த நெடுவரிசைகளை மறைத்துவிட்டு இணைப்பைப் பகிர்வது. இதை யாருக்கும் சொல்லமாட்டேன். பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர்கூட ஷீட்டைப் பிரதி எடுத்து, மறைத்ததைத் திறந்துவிடலாம். மறைப்பது கண்ணுக்கு மட்டும்தான். தரவு அங்கேயே இருக்கிறது.

அடுத்தது, வேண்டாதவற்றைப் பெயர் சொல்லி நீக்குவது:

```python
df = df.drop(
    columns=["Nama", "No. KP", "Telefon"],
    errors="ignore")
```

பல மாதங்கள் இது நன்றாகவே ஓடியது. ஒருநாள் படிவத்தைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர் `Telefon` என்ற கேள்வியை `No. Telefon` என்று திருத்தினார். அவர்மேல் தப்பே இல்லை, பெற்றோருக்குப் புரியட்டும் என்றுதான் செய்தார். அன்றிரவு நிரல் `Telefon` நெடுவரிசையைத் தேடியது, கிடைக்கவில்லை. `errors="ignore"` இருந்ததால் சத்தமில்லாமல் தாண்டிப் போனது. காலையில் பெற்றோரின் எண்கள் பொதுவில் இருந்தன. அந்தச் சொற்றொடரை எடுத்துவிட்டால் நிரல் நின்றிருக்குமே என்று கேட்கலாம். பெயர் மாறினால் நிற்கும், சரி. ஆனால் `Alamat` என்று வீட்டு முகவரி கேட்கும் புதுக் கேள்வி ஒன்று சேர்ந்தால்? நீக்கும் பட்டியலில் அது இல்லை, அதனால் நேரே வெளியே போகும்.

இன்று நாங்கள் வைத்திருப்பது மூன்றாவது வழி. வெளியே போகலாம் என்பதை மட்டும் எழுதுகிறோம்:

```python
df = df[["Kawasan", "Tingkatan", "Subjek"]]
```

புதுக் கேள்வி எத்தனை சேர்ந்தாலும் அது உள்ளேயே தங்கும். இந்த மூன்றில் ஒன்றின் பெயர் மாறினால் `KeyError` வந்து நிரல் நிற்கும், நேற்றைய அட்டவணை அப்படியே இருக்கும். இரவு 2 மணிக்கு யாரும் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. தவறு நடந்தால் பழைய தரவு நிற்பதே எனக்கு நிம்மதி. இதில் ஒரு தொல்லையும் உண்டு: நல்ல காரணத்துக்காகச் சேர்த்த நெடுவரிசையும் தானாக வராது, யாராவது நிரலைத் தொட வேண்டும். அந்தத் தாமதத்தை நான் மனமுவந்து ஏற்கிறேன்.

அப்புறம் ஐசி எண். ஒரே பிள்ளையை அப்பாவும் அம்மாவும் தனித்தனியாகப் பதிவு செய்துவிடுவதால், யார் யார் என்று பிரித்தறிய ஏதாவது ஓர் அடையாளம் வேண்டும். எண்ணை எஸ்எச்ஏ-256 முறையில் ஹாஷ் செய்து, அதாவது நேரடியாகத் திருப்ப முடியாத குறியீடாக மாற்றி, அதையும் வெளியிடலாம் என்று குழுவில் ஒரு யோசனை வந்தது. நான் மறுத்துவிட்டேன். நம் ஐசி எண்ணில் 12 இலக்கங்கள் இருந்தாலும் அவை கண்டபடி அமைந்தவை அல்ல. முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த மாநிலம், கடைசி 4 மட்டுமே ஊகிக்க வேண்டியவை. படிவம் 1 முதல் 5 வரை உள்ள பிள்ளைகள் ஏறக்குறைய 5 ஆண்டுகளுக்குள் பிறந்தவர்கள், அதாவது 1,826 நாள்கள். பினாங்கில் பிறந்தவர்களுக்கான 07-ஐ வைத்துக்கொண்டால் மொத்தம் 1 கோடியே 82 லட்சத்து 60 ஆயிரம் எண்கள்தான். சாதாரண மடிக்கணினியே அத்தனையையும் ஹாஷ் செய்து, வெளியிட்டதோடு ஒப்பிட்டு, ஒரு நிமிடத்துக்குள் உண்மையான எண்ணைச் சொல்லிவிடும். ரகசிய விசை சேர்த்து ஹாஷ் செய்தால் இது நடக்காது. ஆனால் அந்த விசையை யார் காப்பது என்ற புதுக் கவலை வரும். எங்களுக்கு எளிய வழியே போதும். நிரலுக்குள்ளேயே ஐசி எண்ணை வைத்து இரட்டைப் பதிவுகளை நீக்கிவிட்டு, அதன்பிறகே அந்த மூன்று நெடுவரிசைகளை எடுக்கிறோம். வரிசை முக்கியம், மாற்றிப் போட்டால் இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது.

மூன்றாவது வழி காப்பாற்றாத இடமும் உண்டு. பாலேக் பூலாவில் படிவம் 5-இல் தமிழ் இலக்கியம் படிக்கும் பிள்ளை ஒரே ஒருவர் என்றால், பெயர் இல்லாமலே அக்கம்பக்கத்தார் கண்டுகொள்வார்கள். அதனால் இப்போது தனித்தனி வரிகளைக் கைவிட்டு எண்ணிக்கையை மட்டும் போடுகிறோம், 5-க்குக் குறைந்தால் அந்த வட்டாரத்தைப் பக்கத்து வட்டாரத்தோடு சேர்த்துவிடுகிறோம். ஒரே ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டால் போதாது. கீழே மொத்தம் இருக்கிறதே, கழித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.