18,400 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய புள்ளி மழை

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. நேற்று முன்தினம் நடந்ததுதான். தட்டச்சில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்தில் அப்பா காலத்திலிருந்து நடத்தும் 12 அறை லாட்ஜ் எங்களுடையது. நவக்கிரகக் கோயில்கள் சுற்ற வருகிறவர்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து விழுந்து, அரை மணி நேரம் டிவி பார்த்துவிட்டுத் தூங்குவார்கள். அறைக்கு ஒரு செட்டாப் பாக்ஸ் கட்டாது என்று, ஆபீஸ் அறையில் எட்டு பாக்ஸ் வைத்து, ஒவ்வொன்றின் படத்தையும் ஒரு சேனலாக மாற்ற ஒரு மாடுலேட்டர் போட்டு, எட்டையும் சேர்த்து ஒரே கேபிளில் எல்லா அறைக்கும் அனலாக்கில் விடுகிறோம். பழைய முறைதான், ஆனால் பல வருஷமாக ஓடுகிறது.

போன மாதம் மூன்றாம் மாடியில் நான்கு அறைகளிலும் படம் புள்ளி அடிக்க ஆரம்பித்தது. கூடவே 'உஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல். ஒரு விஷயத்தை நானே கவனித்தேன்: கீழ் சேனல்கள்தான் மோசம். முதல் மூன்றில் முகமே தெரியாது. ஏழு, எட்டுக்குப் போனால் லேசான புள்ளியோடு பார்க்கலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கேபிள், ஆன்டெனா சாமான் விற்கும் ஒரு கடை. பெயர் போடவில்லை. கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். "அக்கா, உங்க அப்பாவை எனக்கு நல்லாத் தெரியும், உங்ககிட்ட காசு பார்ப்பேனா?" என்றார். கத்தியால் ஒரு கேபிள் நுனியைச் சீவி, உள்கம்பியைக் காட்டினார். வெயிலில் செம்பு மின்னியது. "பியூர் காப்பர்க்கா. உங்க லாட்ஜ்ல இருக்கிறது பூரா செத்துப்போன கேபிள்." அங்கேதான் விழுந்தேன். கீழ் சேனல் மட்டும் மோசம் என்று சொன்னேன். "எல்லாம் கேபிள் கோளாறுதான்" என்று கையை வீசினார்.

100 மீட்டர் சுருள் மூன்று, ஒன்று 3,200 வீதம் 9,600. பூஸ்டர் நான்கு, ஒன்று 1,700 வீதம் 6,800. ஆள் கூலி 2,000. மொத்தம் 18,400. பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஜிஎஸ்டி எண் இல்லை, கேபிளில் கம்பெனி பெயரும் இல்லை, வெறும் RG6 என்று அச்சு. அப்போது இதெல்லாம் கண்ணில் படவே இல்லை, என் புத்தியைச் சொல்லணும்.

ஆள் வந்தார், ஒரு நாள் முழுக்க இழுத்தார். பழைய கேபிளைச் சுருட்டி, "குப்பைதானே, நானே எடுத்துப் போறேன்" என்று வண்டியில் கட்டிக்கொண்டு போய்விட்டார். மேல் மாடியில் மூன்று அறைகளில் டிவிக்குப் பின்னால் ஒவ்வொன்றாக மூன்று பூஸ்டர், நான்காவது கீழ்த்தளத்தில். போட்டு முடித்ததும் என்ன ஆச்சு? மேலே அதே புள்ளி, அதே இரைச்சல். கீழ்த்தளத்தில் நன்றாக இருந்த இரண்டு அறைகளில் படத்தின் மேல் சாய்வாகக் கோடு கோடாக ஓடியது. 302-ல் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தவர் பாதி வாடகையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்.

போன் செய்தேன். முதல் நாள்: "மழை ஈரம்க்கா, காய்ந்தா சரியாயிடும்." இரண்டாம் நாள்: "டிவி பழசு, டியூனர் போயிருக்கும்." நான்கு டிவிக்கும் ஒரே வாரத்தில் டியூனர் போகுமா? மூன்றாம் நாள் நேரில் போனேன். சீட்டின் அடியில் இருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரியை விரலால் தட்டிக் காட்டினார். இந்தத் தடவை டீ இல்லை.

கடைசியில், முன்பு கேபிள் ஆபரேட்டரிடம் வேலை பார்த்த ஒரு பெரியவரைக் கூப்பிட்டேன். கையில் சிக்னல் மீட்டர். கீழ் சேனல்தான் மோசம் என்றதுமே, "அப்போ கேபிள் இல்லம்மா, எங்கேயோ ஜாயின்ட்" என்றார். நீளமான கேபிளோ நசிந்த கேபிளோ முதலில் தின்பது மேல் சேனல்களைத்தான். நடுக்கம்பி தொடாமல் சின்ன இடைவெளி விழுந்தால், மேல் சேனல்களின் உயர்ந்த அலைவரிசை அதைத் தாண்டிக் குதித்துவிடும், கீழ் சேனல்களின் தாழ்ந்த அலைவரிசை தாண்டாது. அதனால்தான் தலைகீழ். இரைச்சலுக்கும் கணக்கு வைத்திருந்தார். அனலாக்கில் ஒலி எஃப்எம், லேசான புள்ளிக்கெல்லாம் அது கெடாது. ஒலியும் இரைகிறது என்றால் சிக்னல் தரையில் கிடக்கிறது என்று அர்த்தமாம்.

பிறகு காகிதத்தில் கணக்கு போட்டார். ஆபீஸ் ஆம்ப்ளிஃபையரில் சிக்னல் அளவு 98 டிபி. (மைக்ரோவோல்ட் கணக்கில், அவர் வெறும் டிபி என்றுதான் சொன்னார்.) மாடிகளுக்குப் பிரிக்கும் மூன்று வழி ஸ்ப்ளிட்டரில் 6 போகும், 92. மூன்றாம் மாடிக்கு 40 மீட்டர் கேபிள், கீழ் சேனலில் 4 போகும், 88. அங்கே நான்கு வழி ஸ்ப்ளிட்டர், 8 போகும், 80. அறைக்குள் போக இன்னும் 2. ஆக டிவியில் 78 வரணும். 60-லிருந்து 80-க்குள் இருந்தால் படம் சுத்தம். மீட்டரை வைத்தார்: 28.

அந்த 50 எங்கே போனது என்று ஒவ்வொரு இடமாகக் கழற்றிப் பார்த்தார். படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு எஃப் கனெக்டர். நடுக்கம்பி ஒடிந்து, உள்ளே தொடாமல் நின்றது. கடை ஆள் மூன்று சுருள் கேபிள் இழுத்தவர், அந்தப் பழைய பெட்டியைத் திறக்கவே இல்லை! பெரியவர் நுனியை வெட்டி, புது கனெக்டர் இரண்டு போட்டார். மீட்டரில் 77. படம் பளிச். கனெக்டர் 40 ரூபாய், அவர் கூலி 300. இதற்குத்தான் நான் 18,400 கொடுத்தேன்.

பூஸ்டர் ஏன் உதவவில்லை என்றும் கேட்டேன். புள்ளி ஏற்கெனவே கலந்த பிறகு 20 டிபி கூட்டினால் படத்தோடு புள்ளியும் 20 கூடும், அவ்வளவுதான். பூஸ்டர் போடுவதென்றால் சிக்னல் நன்றாக இருக்கும் இடத்திலேயே, நீளக் கேபிளுக்கு முன்னால் போடணும். கீழ்த்தளத்தில் ஏற்கெனவே 80-க்கு மேல் இருந்த இடத்தில் ஒன்றைச் செருகியதால் திணறி, சேனல்கள் ஒன்றோடொன்று கலந்து அந்தக் கோடு.

'பியூர் காப்பர்' கதையும் உடைந்தது. காந்தம் வைத்தார், ஒட்டியது. உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு. ஆனால் நேர்மையாக ஒன்றும் சொன்னார்: டிவி சிக்னல் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும், அதனால் இரும்பு நடு ஒரு குற்றமே இல்லை, நல்ல கேபிளிலும் அப்படித்தான். பொய் சொன்னதுதான் குற்றம். இந்தக் கேபிளின் நிஜக் கோளாறு, வெளிச் சிக்னல் உள்ளே புகாமல் தடுக்கும் வெளிப் பின்னலில். உரித்தால் நாலைந்து இழை, நடுவே வெறும் இடம். என் பழைய கேபிளில் பின்னல் நெருக்கமாக இருந்ததாம். அதைத்தான் அந்த ஆள் 'குப்பை' என்று வண்டியில் கட்டிக்கொண்டு போனார்.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை, கை நடுங்குகிறது. மீட்டர் இல்லாமல் வருகிறவரிடம் கேபிள் மாற்றச் சொல்லாதீர்கள். முதலில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நுனியை உரித்துப் பின்னலைப் பாருங்கள், செம்பு மினுக்கைப் பார்க்காதீர்கள். பில் இல்லாமல் 18,400 கொடுக்காதீர்கள். பழைய கேபிளை யாருக்கும் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

நான்கு பூஸ்டரும் மேசைமேல் கிடக்கின்றன. இன்று காலையிலிருந்து ஒன்பது தடவை அழைத்துவிட்டேன், எடுக்கவில்லை. நாளைக்குக் கடை திறக்கும்போது வாசலில் நிற்கப்போகிறேன்.