இரண்டாவது தீர்வுக்கு எந்த வழி? சுட்டி மூலங்கள் நிறைவெண்ணால் வேறுபடும்போது

ஹட்டனில் வீட்டு முன்னறையில் பின்னேர டியூசன். வெளியே பனி இறங்கி, எதிர்த்தோட்டம் கண்ணுக்குத் தெரியாத நேரம். பட்டப்படிப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே வகையீட்டுச் சமன்பாட்டின் இரண்டாவது தீர்வைத் தொடராகக் கண்டுவிட்டு, “சேர், ரெண்டு பேருக்கும் விடை வேற வேற” என்று கொப்பிகளை நீட்டினார்கள். ஒருவர் பிரதியிட்டுச் செய்திருந்தார், மற்றவர் தொடரின் சுட்டி r-ஐ வைத்து வகையிட்டிருந்தார். இரண்டு விடையும் சரி. அன்றிலிருந்து இந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நான் பிரதியிடும் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கணக்கு இதுதான்:

x y″ − y = 0

x = 0 சிறப்புப் புள்ளி. y″-இன் குணகத்தால் வகுத்தால் y-க்கு −1/x வருகிறது. அதை x²-ஆல் பெருக்கினால் −x, அதில் வில்லங்கம் எதுவும் இல்லை. ஆகவே இது ஒழுங்கான சிறப்புப் புள்ளி, y = Σ aₙ xⁿ⁺ʳ என்று போடலாம். அடிமட்ட உறுப்பு r(r − 1) = 0 என்ற சுட்டிச் சமன்பாட்டைத் தரும். மூலங்கள் 1, 0. மீதி உறுப்புகள் தருவது:

(n + r)(n + r − 1) aₙ = aₙ₋₁

மூலங்களின் வித்தியாசம் நிறைவெண் இல்லாவிட்டால் பேச ஒன்றுமில்லை, ஒவ்வொரு மூலமும் தனக்கென ஒரு தொடரைத் தந்துவிடும். மூலங்கள் சமமென்றால் மடக்கை கட்டாயம் வரும். வித்தியாசம் பூச்சியமல்லாத நிறைவெண் என்றால்தான் மடக்கை வரலாம், வராமலும் போகலாம். பெரிய மூலம் எப்போதும் ஒரு தீர்வைத் தரும். இங்கே r = 1:

y₁ = x + x²/2 + x³/12 + x⁴/144 + …

சின்ன மூலத்தை இப்போது தொட்டுப் பார்க்க வேண்டும். r = 0, n = 1 என்று போட்டால் இடப்பக்கம் 1·0·a₁, வலப்பக்கம் a₀. பூச்சியம் a₀-க்குச் சமமாக முடியாது, ஏனென்றால் a₀ பூச்சியமல்ல என்றுதான் தொடங்கினோம். ஆகவே மடக்கை உண்டு. வலப்பக்கமும் பூச்சியமாகியிருந்தால் a₁ நம் இஷ்டம், மடக்கை தேவைப்படாது. வரிசை 1/2 உள்ள பெசல் சமன்பாடு அப்படித்தான். மூலங்கள் ½, −½, வித்தியாசம் 1. ஆனால் சின்ன மூலத்தில் n = 1 போட்டால் 0·a₁ = 0 என்று வந்து, cos x/√x, sin x/√x இரண்டும் ஒரே ஓட்டத்தில் கிடைத்துவிடும். வித்தியாசம் நிறைவெண் என்று கண்டதும் ln x-ஐ எழுதத் தொடங்கும் பிள்ளைகள் இந்த இடத்தில் வீணாக ஒரு பக்கம் செலவழிக்கிறார்கள்.

சரி, மடக்கை உண்டு என்று தெரிந்த பிறகு என்ன செய்வது?

பிரதியிடும் வழியில் y₂ = C y₁ ln x + Σ bₙ xⁿ என்று வைக்கிறோம். ln x-ஐச் சுமக்கும் உறுப்புகள், y₁ ஒரு தீர்வு என்பதால், தாமாகவே அடிபட்டுப் போகும். மிஞ்சுவது:

C(2y₁′ − y₁/x) + Σ n(n − 1) bₙ xⁿ⁻¹ − Σ bₙ xⁿ = 0

அடைப்புக்குள் இருப்பது 1 + 3x/2 + 5x²/12 + … . b₀ = 1 என்று வைத்தால் மாறிலி உறுப்பு C − 1 = 0 என்கிறது, C = 1. x-இன் குணகம் 3/2 + 2b₂ − b₁ = 0. b₁-ஐக் கட்டுப்படுத்த எதுவும் இல்லை, அதனால் 0 என்று வைக்கிறேன். b₂ = −3/4. அடுத்த வரி 5/12 + 6b₃ − b₂ = 0, b₃ = −7/36.

y₂ = y₁ ln x + 1 − 3x²/4 − 7x³/36 − …

வகையிடும் வழி 1873இல் ஃபுரோபீனியஸ் தன் கட்டுரையில் காட்டியது, பார்க்க அழகானது. r-ஐ எண்ணாக்காமல் விட்டு, a₀ = r என்று வைக்கிறோம். அப்போது a₁ = 1/(r + 1), a₂ = 1/((r + 1)²(r + 2)), a₃ = 1/((r + 1)²(r + 2)²(r + 3)). முழுத் தொடரையும் r சார்ந்து வகையிட்டு r = 0 போட்டால்:

y₂ = y₁ ln x + 1 − x − 5x²/4 − 5x³/18 − …

இதுதான் இரண்டாவது பிள்ளையின் விடை. இதிலிருந்து முந்தியதைக் கழித்தால் x, x², x³ குணகங்கள் −1, −1/2, −1/12, அதாவது −y₁. b₁ = −1 என்று வைத்திருந்தால் முதல் பிள்ளைக்கும் இதே விடைதான் வந்திருக்கும். y₁-இன் எந்த மடங்கையும் y₂-வோடு சேர்க்கலாம் என்பதால் இதில் சண்டைக்கு இடமில்லை. விடைகளை ஒப்பிடும்போது வித்தியாசம் y₁-இன் மடங்கா என்று மட்டும் பாருங்கள்.

வகையிடும் வழியில் பிழை விடும் இடம் a₀. அதை 1 என்றே விட்டால் a₁ = 1/(r(r + 1)), r = 0-இல் வெடிக்கும்; அது உடனே தெரியும், பரவாயில்லை. இன்னொன்று ஒளிந்திருக்கும். a₀ = r என்று சரியாக வைத்துவிட்டு, அதையும் வகையிட்டால் 1 வரும் என்பதை மறந்துவிடுவார்கள். விடை y₁ ln x − x − … என்று ஆரம்பிக்கும், பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: x பூச்சியத்தை நெருங்கும்போது x ln x பூச்சியமாகும், ஆகவே இந்தக் கணக்கில் y₂ பூச்சியமல்லாத எண்ணுக்குப் போக வேண்டும். பூச்சியத்துக்குப் போனால் 1 தொலைந்துவிட்டது.

நான் பிரதியிடுவதைப் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். அதில் ஒவ்வொரு வரியும் ஒரு சமன்பாடு. b₃-இல் பிழை விட்டால் அந்த வரியைத் திரும்பப் பார்த்தால் போதும். C-யும் தானாக வரும், மடக்கை தேவையில்லாத கணக்கென்றால் C = 0 என்று அதுவே சொல்லிவிடும். வகையிடும் வழிக்கு aₙ(r) பெருக்கமாக எழுத வர வேண்டும். மீள்தொடர்பில் aₙ-க்கு முந்திய இரண்டு குணகங்கள் சேர்ந்து வந்தால் அந்தப் பெருக்கம் கிடைக்காது, வகையிடுவதற்குள் தாள் நிறைந்துவிடும். என் மாணவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள்.

ஆனால் மூலங்கள் சமமாக இருந்தால் நானே கட்சி மாறிவிடுவேன். அங்கே a₀-வைத் தொடத் தேவையில்லை, நேரே வகையிடலாம். வரிசை 0 பெசலில் a₂ = −1/(r + 2)²; r = 0-இல் அதன் பெறுதி 1/4. அடுத்தது −3/128. இரண்டே வரி. பொது உறுப்பு வேண்டுமென்றாலும் இந்த வழிதான் தரும், பிரதியிட்டுக் கொண்டிருந்தால் பின்னக் குவியலில் அமைப்பு தெரியாது.

மூன்றாவது வழியும் உண்டு, வரிசை குறைத்தல்: y₂ = y₁ ∫ dx/y₁². இங்கே 1/y₁² = 1/x² − 1/x + 7/12 − … . 1/x இருக்கிறது, ஆகவே ln x வரும் என்பது முதல் பார்வையிலேயே தெரியும். அதற்காக மட்டும் வைத்திருக்கிறேன். தொடரை வர்க்கித்து, தலைகீழாக்கி, தொகையிட்டு, மறுபடி பெருக்குவது நான்கு உறுப்புக்கு மேல் கைக்கு வேதனை.

சிக்கலெண் மூலங்கள் எனக்கு இரண்டு மூன்று தடவைதான் கைக்கு வந்தன. அவற்றின் வித்தியாசம் நிறைவெண்ணாகாது என்பதால் மடக்கைச் சிக்கல் வரவில்லை, cos(ln x), sin(ln x) என்று பிரித்து எழுதினேன். அதற்கு மேல் அனுபவம் பேச எனக்கில்லை.

அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி போட்டேன். பிரதியிட்டவரிடம் மட்டும், “b₁-ஐ 0 என்று வைத்தேன் என்பதை ஒரு வரியில் எழுது” என்றேன்.